லைக் வேறு, சேமிப்பு வேறு: வாடிக்கையாளர் எடுத்து வைக்கும் பட்டியலை எழுதுவது எப்படி?

மாவனல்லையில் டைல்ஸ் கடை நடத்தும் ஹாஜியார் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன்னர் சந்திக்கச் சென்றிருந்தேன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை அவரது இளைய மகன் கவனித்து வருகிறார். புதிதாக வந்த டைல்ஸ்களின் படங்கள், விலைக்கழிவு அறிவிப்புகள், பெருநாள் வாழ்த்துக்கள் என்று வாரத்துக்கு மூன்று நான்கு பதிவுகள் இடுகிறார். லைக்குகளுக்கும் குறைவில்லை. ஆனால் ஹாஜியாருக்கு அதில் பெரிய திருப்தி இருக்கவில்லை. “தம்பி, லைக் போடுறவங்க கடைக்கு வாறாங்க இல்ல. கடைக்கு வாறவங்க ஒண்டும் தெரியாம வாறாங்க” என்றார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் அந்த வாரம் நடந்த ஒரு சம்பவம். புது வீடு கட்டும் ஆசிரியர் ஒருவர் 1,200 சதுர அடிக்கு டைல்ஸ் வாங்கியிருக்கிறார். நாம் ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்று சொல்லும் பெரிய டைல்ஸ்தான். பெட்டிக்கு நான்கு, ஒவ்வொன்றும் 4 சதுர அடி, ஆகவே பெட்டிக்கு 16 சதுர அடி என்று வீட்டிலேயே கணக்குப் போட்டு 75 பெட்டிகள் எடுத்துச் சென்றார். கடையிலும் யாரும் மறுத்துச் சொல்லவில்லை. வேலை முடியும் தறுவாயில் டைல்ஸ் போதாமல் போய்விட்டது. மேலதிகமாக வாங்க வந்தபோது அதே டிசைன் கடையில் இருந்தது. ஆனால் அது அடுத்த தடவை உற்பத்தி செய்யப்பட்ட சரக்கு. நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம். பதித்த பின்னர் மண்டபத்தின் ஒரு மூலை மாத்திரம் வேறாகத் தெரிந்தது. ஆசிரியர் கடைக்கு வந்து சத்தம் போட்டார். யாருடைய பிழை என்று தீர்க்க முடியாத ஒரு வழக்கு அது.

இந்தச் சம்பவத்தையே ஒரு பட்டியலாக எழுதி இன்ஸ்டாகிராமில் போடலாம் என்று நான் ஹாஜியாரிடமும் மகனிடமும் சொன்னேன். அந்தப் பட்டியலை எப்படி எழுதினோம் என்பதை இங்கு விபரமாகச் சொல்வது ஏனைய வர்த்தகர்களுக்கும் உதவக்கூடும்.

எடுத்து வைப்பது எதற்காக?

இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவில் பல படங்களை அடுக்கி, பார்ப்பவர் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கும் வசதி 2017ஆம் ஆண்டு வந்தது. இதைக் கரோசல் என்பார்கள். ஆரம்பத்தில் 10 படங்கள் வரை போடலாம், 2024இல் அது 20 ஆக உயர்த்தப்பட்டது. பதிவுகளின் கீழே வலப்பக்கத்தில் இருக்கும் சிறிய கொடி போன்ற அடையாளத்தை அழுத்தினால் அந்தப் பதிவு அவரவர் கணக்கில் சேமிக்கப்படும். அதைப் பிறர் பார்க்க முடியாது. கடைக்காரருக்கும் எத்தனை பேர் சேமித்தார்கள் என்ற எண்ணிக்கை மாத்திரமே தெரியும், யார் யார் என்பது தெரியாது. அந்த எண்ணிக்கையைப் பார்க்கவும் கணக்கை வர்த்தகக் கணக்காக மாற்றியிருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.

பிறர் பார்க்க முடியாது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள். லைக் போடுவதில் கொஞ்சம் முகதாட்சண்யம் இருக்கிறது. ஹாஜியாரின் மருமகன் லைக் போடுவார், பக்கத்துக் கடைக்காரர் லைக் போடுவார், படித்த பாடசாலையின் பழைய மாணவர்கள் எல்லோரும் போடுவார்கள். ஆனால் மரியாதைக்காக யாரும் ஒரு பதிவைச் சேமித்து வைப்பதில்லை. ‘இது எனக்குப் பிறகு தேவைப்படும், அப்போது ஞாபகம் இருக்காது’ என்று நினைப்பவர்தான் அந்த அடையாளத்தை அழுத்துகிறார்.

ஆகவே சேமிக்கப்படும் பதிவில் இரண்டு விடயங்கள் இருக்க வேண்டும். முதலாவது, பார்க்கும் நேரத்துக்கும் பயன்படும் நேரத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி. வீடு கட்டுபவர் அத்திவாரம் போடும்போதே டைல்ஸ் படங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார், வாங்குவதோ பல மாதங்கள் கழித்து. இரண்டாவது, மனதில் வைத்திருக்க முடியாத விபரம். ஓர் எண், ஓர் அளவு, பார்க்க வேண்டிய ஓர் இடம். சரிபார்ப்புப் பட்டியல்கள் ஏனைய பதிவுகளை விட அதிகம் எடுத்து வைக்கப்படுவதன் இரகசியம் இவ்வளவுதான். பட்டியல் என்ற வடிவத்தில் எந்த மந்திரமும் இல்லை.

இதனால் எல்லா வியாபாரத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொத்து ரொட்டிக் கடைக்குச் சரிபார்ப்புப் பட்டியல் எதற்கு? பசித்தவர் இன்றைக்கே வருவார். டைல்ஸ், திரைச்சீலை, தளபாடம், பாவித்த வாகனம், தண்ணீர் மோட்டார், கலியாண மண்டபம், பிரயாண முகவர் வேலை என்று யோசித்து, அளந்து, பலரிடம் விசாரித்து வாங்கும் பொருட்களுக்கும் சேவைகளுக்குமே இது சரிவரும்.

முதல் பட்டியலும் அதன் குறையும்

நான் சொன்னதைக் கேட்டு மகன் அன்றிரவே ஒரு பட்டியலை எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ‘தரமான டைல்ஸைத் தெரிவு செய்யுங்கள்’, ‘அளவுகளைச் சரியாக எடுங்கள்’, ‘நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்’, ‘அனுபவமுள்ள பாஸைப் பிடியுங்கள்’, ‘வீட்டுக்குப் பொருத்தமான நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்’. ஐந்து படங்கள், பின்னணியில் அழகான வரவேற்பறை.

ஒன்றிலும் பொய்யில்லை. ஆனால் ஒன்றையும் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். தரம் இல்லாத டைல்ஸை வாங்க வேண்டும் என்று யார் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்? ஆசிரியரும் அளவைச் சரியாக எடுத்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பட்டியல் அவர் கையில் இருந்திருந்தாலும் அதே 75 பெட்டிகளைத்தான் வாங்கியிருப்பார். பட்டியலைச் சோதிக்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. உங்கள் கடைக்கு வந்த ஒரு முறைப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வரியை முன்னரே வாசித்திருந்தால் அந்த முறைப்பாடு வந்திருக்காதா? வந்துதான் இருக்கும் என்றால் அந்த வரியை வெட்டிவிடுங்கள்.

மறுநாள் நாங்கள் மூவரும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினோம். யோசித்து எழுதவில்லை. ஹாஜியாரின் ஞாபகத்தில் இருந்த சண்டைகளையும், மகனின் தொலைபேசிக்கு வாடிக்கையாளர் அனுப்பிய கேள்விகளையும் ஒரு தாளில் இறக்கினோம். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால் அதற்குப் பட்டியலில் இடம் உண்டு என்று வைத்துக்கொண்டோம்.

அளவு பற்றிய வரியை எடுத்துக்கொள்வோம். ‘ரெண்டுக்கு ரெண்டு’ என்பது பேச்சு வழக்கு. உண்மையில் அந்த டைல்ஸின் அளவு 600க்கு 600 மில்லிமீற்றர். அது இரண்டு அடியை விடச் சற்றுக் குறைவு. நான்கு டைல்ஸ் கொண்ட பெட்டி 1.44 சதுர மீற்றரை மூடும். சதுர அடியில் அது 15.5, 16 அல்ல. அரை அடி என்ன பெரிய விடயம் என்று தோன்றும். 75 பெட்டிகளில் அது 37.5 சதுர அடியாகிவிடுகிறது. அதாவது ஒரு டைல்ஸும் உடையாமல், ஓரங்களில் ஒரு துண்டும் வெட்டாமல் பதித்திருந்தாலும் ஆசிரியருக்கு 3 பெட்டிகள் குறைந்திருக்கும். வெட்டுக்கும் உடைவுக்கும் நூற்றுக்குப் பத்து சேர்ப்பது வழக்கம். 1,200 உடன் 120ஐக் கூட்டி 1,320, அதை 15.5ஆல் வகுத்தால் 85க்குச் சற்று மேல் வருகிறது. அவர் வாங்கியிருக்க வேண்டியது 86 பெட்டிகள்.

இந்தக் கணக்கு முழுவதையும் படத்தில் எழுதினால் ஒருவரும் வாசிக்க மாட்டார். நாங்கள் எழுதிய வரி இதுதான்: ‘கடைக்குப் போக முன்: சதுர அடியை 1.1ஆல் பெருக்கி 15.5ஆல் வகுக்கவும். வருவதை அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தவும். அத்தனை பெட்டிகள் தேவை. (600க்கு 600, பெட்டிக்கு 4 டைல்ஸ் என்றால் மட்டும். வேறு அளவு என்றால் பெட்டியில் எழுதியுள்ள சதுர மீற்றரை 10.76ஆல் பெருக்கினால் சதுர அடி வரும். 15.5க்குப் பதிலாக அதைப் போடவும்.)’ தொலைபேசியில் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது போதும். அதேநேரம் யாருக்கும் இது மனப்பாடமாக நிற்காது. ஆகவேதான் எடுத்து வைப்பார்கள்.

இந்த வரியில் என்ன இருக்கிறது என்று கவனியுங்கள். எப்போது செய்வது என்பது முதலில் வருகிறது. பிறகு கையால் செய்யக்கூடிய ஒரு வேலை. பிறகு எந்த நிலையில் இந்தக் கணக்கு பிழைக்கும் என்ற எச்சரிக்கை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிறிய டைல்ஸ் வாங்கியவர் உங்கள் 15.5ஐ வைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்தால், அந்தப் படத்தையே தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்.

ஹாஜியாரின் தயக்கம்

அடுத்த வரியில்தான் சிக்கல் வந்தது. ஒரே டிசைனாக இருந்தாலும் ஒவ்வொரு தடவை உற்பத்தியிலும் நிறம் சற்று மாறலாம், அளவிலும் மயிரிழை வித்தியாசம் வரலாம். இதற்காகவே உற்பத்தியாளர்கள் பெட்டியின் பக்கத்தில் ஷேட் இலக்கம் ஒன்றையும், அளவுக்குரிய கெலிபர் இலக்கம் ஒன்றையும் அச்சிடுகிறார்கள். நான் எழுதிய வரி இது: ‘லொறியில் இருந்து இறக்கும்போது: எல்லாப் பெட்டிகளிலும் ஷேட் இலக்கம் ஒன்றா? ஒன்று மாறியிருந்தாலும் அதைத் திறக்காமல் கடைக்குத் திருப்பி அனுப்பவும்.’

ஹாஜியார் தாளைக் கீழே வைத்துவிட்டார். “இது எங்கட தலையில நாங்களே மண்ண அள்ளிப் போடுற மாதிரி இல்லையா தம்பி?” என்று கேட்டார். களஞ்சியத்தில் இரண்டு தடவைச் சரக்குகள் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தன. அவசரத்தில் பையன்மார் இரண்டிலிருந்தும் எடுத்து ஏற்றுவதுண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. வாடிக்கையாளருக்கு ஷேட் இலக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால் பெட்டிகள் திரும்பி வரும், லொறிக் கூலி நட்டம்.

அவரது பயம் நியாயமானதுதான். நான் சொன்னது இதுதான்: பெட்டி திரும்பி வந்தால் நட்டம் ஒரு லொறிக் கூலி. பதித்த பின்னர் வாடிக்கையாளர் திரும்பி வந்தால் அந்தக் கூலியுடன் டைல்ஸ், சீமெந்து, பாஸின் நாட்கூலி, அதற்கு மேலாக ஊரில் கடைக்கு வரும் பெயர். ஒரு பட்டியலில் விற்பவருக்குக் கொஞ்சமேனும் சிரமம் தரும் ஒரு வரியாவது இல்லாவிட்டால் வாசிப்பவர் அதை விளம்பரம் என்றே எடுத்துக்கொள்வார். விளம்பரத்தை யாரும் சேமித்து வைப்பதில்லை. நெடுநேரம் யோசித்த பின்னர் அவர் சம்மதித்தார். ஆனால் களஞ்சியத்தைச் சரிசெய்யும் வரை பதிவைப் போடக்கூடாது என்று நிபந்தனை விதித்தார். அதற்கு இரண்டு வாரங்கள் பிடித்தன.

ஏனைய வரிகள் இலகுவாக வந்தன. குளியலறைக்கு என்றால், கடையில் மாதிரி டைல்ஸ் மீது தண்ணீர் ஊற்றி வெறுங்காலால் மிதித்துப் பார்க்கச் சொன்னோம். மூலைவாட்டாகப் பதிப்பதானால் நூற்றுக்குப் பத்துக்குப் பதிலாகப் பதினைந்து சேர்க்கச் சொன்னோம். ஒரு பெட்டியைத் திறக்காமல் எடுத்து வைக்கச் சொன்னோம், பிற்காலத்தில் குழாய் திருத்த வேலைக்கு ஒன்றிரண்டு டைல்ஸை உடைக்க நேர்ந்தால் அதே நிறம் கடையில் இருக்காது. பாஸுக்குக் கடைசிக் காசைக் கொடுக்க முன்னர் ஒவ்வொரு டைல்ஸையும் நடுவிலும் நான்கு மூலைகளிலும் நாணயத்தால் தட்டிப் பார்க்கச் சொன்னோம். வெற்றுச் சத்தம் கேட்டால் அடியில் சாந்து பிடிக்கவில்லை, பாரம் வைத்தால் அந்த இடம் வெடிக்கக்கூடும்.

இப்படி எழுதிய ஆறு வரிகளையும் தரவாரியாக வரிசைப்படுத்தாமல் நேரவாரியாக அடுக்கினோம். கடைக்குப் போக முன், கடையில், லொறி வந்ததும், காசு கொடுக்க முன். எடுத்து வைத்தவர் மறுபடி திறப்பது அந்த அந்த நேரத்தில்தான். 20 படங்கள் போடலாம் என்பதற்காக 20 வரிகள் எழுத வேண்டியதில்லை.

படத்தில் ஏற்றும்போது

ஒரு படத்துக்கு ஒரு வரி போதும். எமது தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் இருபது சொற்களைத் தாண்டினால் எழுத்து பொடியாகிவிடும். கணினியில் பெரிதாகத் தெரிவதை நம்பாமல் கையில் உள்ள தொலைபேசியில், வெயிலில் நின்று வாசித்துப் பாருங்கள், ஏனெனில் வாடிக்கையாளர் அதை லொறிக்குப் பக்கத்தில் நின்றுதான் வாசிக்கப்போகிறார். சில வடிவமைப்பு மென்பொருட்களில் கொம்பும் காலும் இடம்மாறி விழுவதுண்டு, அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகப்புப் படத்தில் கடையின் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்பது மகனின் விருப்பம். நாங்கள் போட்டது: ‘வீட்டுக்கு டைல்ஸ் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முன் பார்க்க வேண்டிய 6.’ யாருக்கு, எப்போது, எத்தனை என்பது ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கடைப் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எல்லாப் படங்களின் அடியிலும் சிறிதாகப் போட்டோம், ஏனெனில் பலர் சேமிப்பதற்குப் பதிலாக ஒரு படத்தை மாத்திரம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். இதே காரணத்துக்காகக் கடைசிப் படத்தில் ஆறு வரிகளையும் சுருக்கி ஒன்றாகப் போட்டோம். இரண்டாம் படத்தையும் தனியே பார்த்தால் விளங்கும்படி எழுதுவது நல்லது. முதல் தடவை தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் அதே பதிவை மீண்டும் இரண்டாம் படத்திலிருந்து காட்டுவதுண்டு.

‘சேமித்து வையுங்கள்’ என்று கெஞ்சுவதை விட, ‘லொறி வரும் நாளில் இதைத் திறந்து பாருங்கள்’ என்று எழுதுவது கூடுதல் பயன் தரும் என்பது என் அபிப்பிராயம். எதற்காக எடுத்து வைப்பது என்பதை அது சொல்லிவிடுகிறது.

விலையைப் படத்தில் எழுத வேண்டாம் என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். சேமித்தவர் எட்டு மாதங்கள் கழித்துத் திறக்கும்போது பழைய விலையே இருக்கும். அவர் அதைக் காட்டிப் பேரம் பேசினால் பதில் சொல்ல முடியாது. பதிவின் கீழே எழுதும் குறிப்பைப் பிறகு திருத்தலாம், ஆனால் போட்ட படத்தில் உள்ள எழுத்தைத் திருத்த முடியாது. பிழையான படத்தை மாத்திரம் பதிவிலிருந்து நீக்கலாம். முழுப் பதிவையும் அழித்தால் எடுத்து வைத்த அனைவரின் சேமிப்பிலிருந்தும் அது போய்விடும். ஆகவே மாறாத விடயங்கள் படத்தில், மாறும் விலைகள் திகதியுடன் குறிப்பில்.

பலனை அளப்பதற்கு வெறும் சேமிப்பு எண்ணிக்கையைப் பார்ப்பது போதாது. பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2,000 பேரைச் சென்றடைந்து 40 பேர் சேமித்தால் நூற்றுக்கு 2. அதை உங்கள் சொந்தப் பழைய பதிவுகளுடன் ஒப்பிடுங்கள், கொழும்புப் பெரிய கடைகளுடன் வேண்டாம். சேமிப்பு கூடினால் இன்ஸ்டாகிராம் பதிவைப் பலருக்குத் தள்ளும் என்று சிலர் பெரிதாகச் சொல்கிறார்கள். 2021இல் அந்த நிறுவனம் தனது முகப்பில் கவனிக்கும் ஐந்து செயல்களில் சேமிப்பையும் சொன்னது. 2023இல் வெளியிட்ட விளக்கத்தில் அந்த இடத்தில் பிறருக்குப் பகிர்வதைச் சொன்னது. இது மாறிக்கொண்டே இருக்கும் விடயம், இதை நம்பி எழுத வேண்டியதில்லை. சேமித்தவர் எல்லோரும் வாங்கவும் மாட்டார்கள். வேறு கடையில் வாங்கிவிட்டு உங்கள் பட்டியலால் சரிபார்ப்பவர்களும் இருப்பார்கள்.

அண்மையில் மாவனல்லை சென்றபோது கடையில் வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டிகளின் பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பில் புத்தகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். டைல்ஸின் பெயருக்கும் எண்ணிக்கைக்கும் இடையில் புதிதாக ஒரு நிரல் அச்சிடப்பட்டிருந்தது: ஷேட் இலக்கம்.